எமது முதலாவது கதைத் தொகுதி: ஓர் அறிவித்தலும் சில ஐயங்களும்

வாசக நேயர்களுக்கு ஒரு சிறு செய்தி. கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் வாரமலர்களிலும் சஞ்சிகைகளிலும் நாம் எழுதிவந்த சிறுகதைகளுட் சில, முதன்முறையாக ஒரு நூலாக வெளிவரவிருக்கின்றன. நூலின் பெயரையும் விலையையும் இங்கே கூறப்போவதில்லை. அவற்றைக் கூறினால் இக்கட்டுரை விளம்பரமாகிவிடும். கல்லூரியில் நாற்பது நிமிடப் பாடம் நடத்திப் பழகிய எமக்கு விளம்பரம் எழுதும் கை வாய்க்கவில்லை. ஆயினும், கதைத் தொகுதி ஒன்றை ஆக்கும்போது ஓர் எழுத்தாளன் தன்னைப் பற்றி அறிந்துகொள்ளும் விடயங்கள் சில உண்டு. அவை நேயர்களுக்குச் சுவை பயக்கலாம் என்று எண்ணியே எழுத முற்பட்டோம்.

“இத்தனை காலம் எழுதியும் ஏன் இப்போதுதான் முதல் நூல்?” என்று கேட்பவர்கள் உளர். அவர்களுக்கு நாம் சொல்லும் மறுமொழி, எம்மிலும் பன்மடங்கு பெரியவர்களுக்கும் இதுவே நேர்ந்தது என்பதாகும்.

ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகள் யாரென்று கேட்டால், எவரும் மூன்று பெயர்களைத் தயங்காமற் கூறுவர். இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோரே அம்மூவர். 1930களிலும் 1940களிலும் ‘கலைமகள்’, ‘ஈழகேசரி’ முதலிய ஏடுகளில் இவர்களுடைய கதைகள் வெளிவந்தன. அக்காலத்திலேயே தமிழ்நாட்டில் 1940ஆம் ஆண்டில் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ நூலாக வந்துவிட்டது. எம்மவர் மூவருக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. த. சிவஞானசுந்தரம் என்னும் இயற்பெயர் கொண்ட இலங்கையர்கோன் 1961ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய ‘வெள்ளிப் பாதசரம்’ என்ற தொகுதி அதற்கு அடுத்த ஆண்டே வெளிவந்தது. வைத்தியலிங்கத்தின் ‘கங்காகீதம்’ 1990ஆம் ஆண்டில், அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் வந்தது. சம்பந்தனுடைய கதைகளோ அவர் மறைந்த பின்னரே தொகுதியாயின.

இதற்குக் காரணம் சோம்பல் அன்று. அக்காலத்து இலங்கையில் தமிழ் அச்சகங்கள் இருந்தன; ஆனால் கதை நூல்களைத் தம் பொருட்செலவில் வெளியிடும் பதிப்பகங்கள் இருந்தன என்று சொல்வதற்கில்லை. அச்சகத்தார் சமய நூல்களையும் பாடநூல்களையும் நம்பி வாழ்ந்தனர். கதை நூலை அச்சிட வேண்டுமாயின் எழுத்தாளனே கடதாசிக்கும் கூலிக்கும் பணம் கட்டவேண்டும். மேலும், பத்திரிகையில் கதை வந்துவிட்டால் எழுத்தாளனுக்கு ஒருவகை நிறைவு ஏற்பட்டுவிடுகிறது. ஆயிரக்கணக்கானோர் படித்துவிட்டார்களே, இனி நூல் எதற்கு என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. அடுத்த ஞாயிறு வந்ததும் அந்த இதழ் மீன் சுற்றும் தாளாகிவிடுகிறது என்பதை மனம் வசதியாக மறந்துவிடுகிறது.

நூல் வந்ததனால் விளையும் பயனை ‘வெள்ளிப் பாதசரம்’ என்னும் கதையிலேயே காணலாம். வல்லிபுரக் கோவிலுக்கு மாட்டுவண்டியிற் செல்லும் ஓர் இளந் தம்பதியர். மனைவியின் வெள்ளிப் பாதசரம் தொலைந்துபோகிறது. அதனால் மூளும் சிறு பூசலும், பின் அது தணிவதுமே கதை. பாத்திரங்களை வளர்க்கவோ திருப்பங்களைக் காட்டவோ ஆசிரியர் முயலவில்லை. எனினும் வடமராட்சி மணலையும் நிலவையும் அறியாத எம் மாணவர்கள் இன்று அக்கதையைப் படித்து மகிழ்கிறார்கள். தொகுதி என்ற ஒன்று வந்திராவிட்டால், அக்கதை பழைய இதழ்க்கட்டு ஒன்றினுள் எங்கோ உறங்கிக்கொண்டிருக்கும்.

தொகுதி உரிய காலத்தில் வந்த எழுத்தாளர்களும் உளர். டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. அவரே 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடக்கினார். பிற்காலத்தில் அது கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. அதனோடு இணைந்த ‘மல்லிகைப் பந்தல்’ பல எழுத்தாளர்களின் நூல்களைப் பதிப்பித்தது. அ. முத்துலிங்கத்தின் கதை வேறு விதமானது. அவருடைய முதற்றொகுதியாகிய ‘அக்கா’ 1964இல், அவரது இருபத்தேழாவது வயதளவில் வந்துவிட்டது. ஆயின் அடுத்த தொகுதியாகிய ‘திகடசக்கரம்’ வருவதற்கு 1995ஆம் ஆண்டுவரை வாசகர்கள் காத்திருக்க நேர்ந்தது. முதல் நூல் முந்தினாலும் பிந்தினாலும், எழுத்தாளனின் வழியை அதுவொன்றே தீர்மானித்துவிடுவதில்லை என்பது இதனாற் புலனாகிறது.

எம்மைத் தொகுதி முயற்சியில் இறக்கிவிட்டவர் வேறொருவர். வெள்ளவத்தையில் எமக்கு அயலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். எமக்குத் தமிழ் கற்பித்தவருங்கூட. 1970களில் இரண்டு புனைபெயர்களிற் கதைகள் எழுதியவர். வெளிவந்த கதைகளையெல்லாம் நறுக்கி ஒரு பிஸ்கட் தகரத்தில் இட்டு வைத்திருந்தார். 1983ஆம் ஆண்டு ஜூலையில் அவருடைய வீடு எரிந்தபோது அந்தத் தகரமும் அதனுள் இருந்தவையும் எரிந்துபோயின. யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது பழைய இதழ்கள் இருக்கும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டிருந்தது.

அவருடைய கதைகளைத் தேட நாம் முனைந்தோம். முதலில் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்திற் பார்த்தோம். 2005ஆம் ஆண்டு தொடங்கிய அந்த அமைப்பு ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்துப் பாதுகாத்து வருகிறது. சஞ்சிகைகள் பல கிடைத்தன. நாம் தேடிய வாரமலர்கள் கிடைக்கவில்லை. பின்னர் தேசிய சுவடிக்கூடத்திற்குச் சென்றோம். அங்கே பத்திரிகைகள் கட்டுக்கட்டாகப் பேணப்பட்டுள்ளன. ஆனால் தேடுபவனுக்குத் திகதி தெரிந்திருக்க வேண்டும். கதையின் பெயரைச் சொன்னால் எடுத்துத் தரும் பட்டியல் எதுவும் நாளிதழ்களுக்கு இல்லை. ஆசிரியருக்கோ ஆண்டுகூட நிச்சயமில்லை. ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றிதழாகப் புரட்டினோம். தாள் பழுத்து, மடித்த இடத்தில் ஒடிந்துவிடும் நிலையில் இருந்தமையால் விரைந்து புரட்டவும் இயலாது. விடுமுறை நாட்களில் ஆறு தடவை சென்று இரண்டே கதைகளைக் கண்டுபிடித்தோம்.

அவற்றைப் பிரதிசெய்து கொண்டுபோய்க் கொடுத்தோம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தார். பின் எம்மை நிமிர்ந்து பார்த்து, “தம்பி, உது நான் எழுதினதோ?” என்று கேட்டார்.

“ஓம் சேர். உங்கட புனைபெயர்தானே கீழ கிடக்கு,” என்றோம்.

“கதை பரவாயில்லை. முடிவுதான் சரியில்லை. அப்ப ஆரும் எனக்குச் சொல்லேல்லை. இப்ப திருத்தி என்ன செய்யிறது?” என்றவர், சற்றுப் பொறுத்து, “உம்மட கதையளை நீர் கண் தெரியிற காலத்திலையே ஒருக்கா எடுத்து அடுக்கிப் பாரும்,” என்றார்.

அன்றிரவே எம்முடைய கோப்புகளை எடுத்தோம். எல்லாமாக முப்பத்தொரு கதைகள் இருந்தன.

பத்திரிகையில் ஒரு கதை தனியே வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் மணமகள் தேவை விளம்பரமும் சமையற்குறிப்பும் இருக்கும். ஆறு மாதம் கழித்தே எமது அடுத்த கதை வரும். முந்திய கதையில் என்ன செய்தோம் என்பதை வாசகரும் மறந்திருப்பர், நாமும் மறந்திருப்போம். முப்பத்தொரு கதைகளையும் ஒரே கிழமைக்குள் தொடர்ந்து படித்தபோதுதான் எமது குட்டு எமக்கே வெளிப்பட்டது. ஐந்து கதைகளில் ஒரு தாய் வெளிநாட்டு மகனின் அழைப்புக்காகத் தொலைபேசிக்கு அருகில் அமர்ந்திருந்தாள். ஏழு கதைகளின் முடிவில் யாரோ ஒருவர் வெள்ளவத்தைக் கடற்கரையில், புகையிரதப் பாதைக்கு அப்பால் நின்று, கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தனித்தனியே படித்தபோது உருக்கமாயிருந்த அந்தப் பெருமூச்சு, ஏழாவது தடவையிற் சிரிப்பை மூட்டியது.

ஆகவே தெரிவுக்கு ஒரு விதியை வகுத்துக்கொண்டோம். ஒரே வேலையைச் செய்யும் கதைகள் பல இருந்தால் அவற்றுள் ஒன்றுதான் நூலுக்குள் நுழையலாம். தொலைபேசித் தாய்மார் ஐவருள் ஒருத்தியை வைத்துக்கொண்டு நால்வரை விடைகொடுத்து அனுப்பினோம். அவ்வாறு கழித்ததில் பன்னிரண்டு கதைகள் மிஞ்சின. பரிசு பெற்ற கதையொன்றும் கழிபட்டவற்றுள் அடங்கும். பரிசு பெற்றதென்ற காரணத்தைத் தவிர அதை வைத்துக்கொள்ள வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை.

அடுத்த கேள்வி, பழைய கதைகளைத் திருத்தலாமா என்பது. இருபத்திரண்டு வயதில் எழுதியதை நாற்பது கடந்தவன் திருத்தினால், அது இருவருடைய கதையுமல்லாத ஒன்றாகிவிடக்கூடும். எழுத்துப்பிழை, பெயர்க்குழப்பம், காலவழு ஆகியவற்றை மட்டும் திருத்துவது, வேறெதையும் தொடுவதில்லை, ஒவ்வொரு கதையின் கீழும் முதலில் வெளிவந்த ஆண்டைக் குறிப்பது என்று முடிவு செய்தோம்.

ஒரு கதை மாத்திரம் எம்மைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வாரமலரில் அது வெளிவந்தபோது, இடம் போதாமையாற் போலும், கடைசிப் பந்தியை வெட்டிவிட்டிருந்தனர். கதையின் உயிரையே அறுத்துவிட்டார்கள் என்று அன்று சினந்தோம். இரண்டு மாதம் அப்பத்திரிகைக்கு எதுவும் எழுதாமலும் இருந்தோம். கையெழுத்துப் பிரதி எம்மிடம் இருந்தது. நூலில் அந்தப் பந்தியை மீட்டுச் சேர்த்துப் பழி தீர்த்துக்கொள்ளலாம் என்றெண்ணி இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தோம். வெட்டப்பட்ட பந்தியில், கதை முழுவதும் குறிப்பாக உணர்த்தியதை நாம் மீண்டும் வெளிப்படையாக விளக்கியிருந்தோம், வகுப்பறைப் பழக்கம். பெயர் தெரியாத அந்த உதவி ஆசிரியரின் கத்தரிக்கோலே சரியானது. வெட்டிய வடிவமே நூலில் இடம்பெறுகிறது.

பின்னர் தட்டச்சு வேலை. பிற்காலக் கதைகள் கணினியில் ஏற்கெனவே இருந்தன. ஆனால் பாமினி எழுத்துருவில் இருந்தன. இந்நாட்டில் நெடுங்காலம் பலரும் பயன்படுத்திய எழுத்துரு அது. இப்போது அதை யுனிகோட் முறைக்கு மாற்றவேண்டும். மாற்றித்தரும் கருவிகள் உண்டு. ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். தொல்லை அதற்குப் பின்னர்தான். பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளியின் விசை ‘இ’ என்ற எழுத்தைத் தரும். காற்புள்ளிக்கு வேறு விசை. ஆகவே எங்கேனும் சாதாரணக் காற்புள்ளி கலந்திருந்தால், மாற்றியபின் அவ்விடத்தில் ஓர் ‘இ’ முளைத்துவிடுகிறது. “அம்மா, அப்பா, தங்கை” என்றிருந்தது “அம்மாஇ அப்பாஇ தங்கை” என்றாகிவிடும். இணையத்திலும் சில நூல்களிலும் சொல்லின் கடைசியில் இப்படி ஓர் அநாதை ‘இ’ நிற்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். காரணம் இதுதான். சொல்லை ஒட்டியபடி ‘இ’யும் அதன்பின் இடைவெளியும் வருமிடங்களைத் தேடினால் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும். எஞ்சியவற்றைக் கண்ணாலேயே பிடிக்கவேண்டும். எம் மகள் வாய்விட்டு வாசிக்க, நாம் மூலத்தைப் பார்த்தபடி இருந்தோம். கண் தவறவிட்டதைக் காது பிடித்துவிடுகிறது.

அச்சகம் கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. காலி வீதியில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, மீண்டும் ஒரு பஸ்ஸிற் போகவேண்டும். அச்சக முதலாளி எமது நூலை ஒருவரிகூடப் படிக்கவில்லை; பக்க எண்ணிக்கையைத்தான் கேட்டார். நூற்று நாற்பத்தாறு என்றோம். “இரண்டு பக்கம் கூடிப்போச்சு, சேர்,” என்றார். நூல்கள் பதினாறு பக்கங்கள் கொண்ட பாரங்களாக அச்சாகின்றன. ஒன்பது பாரங்களுக்கு 144 பக்கம். இரண்டு பக்கம் மிகுந்தால் அதற்கென மேலும் ஒரு பாரமோ அரைப் பாரமோ செல்லும். கடதாசிச் செலவும் கட்டுவேலையும் கூடும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டாற் பத்திரிகைகளே தடுமாறியதை நாம் மறக்கவில்லை. கணக்குப் பார்த்தோம். கதைகள் 131 பக்கம், தலைப்பும் பொருளடக்கமும் முதலியன நான்கு, அணிந்துரை ஆறு, என்னுரை ஐந்து. கதைகளிற் கைவைக்க இயலாது. அணிந்துரை எழுதித் தந்த பேராசிரியரின் சொற்களை வெட்டுவது மரியாதையன்று. ஆகவே எமது என்னுரை ஐந்திலிருந்து மூன்றாகச் சுருங்கியது. வெட்டிய இரண்டு பக்கங்களிலும் குறைகளைப் பொறுத்தருளுமாறு வாசகரை வேண்டியிருந்தோம். பொறுத்தருள்வதும் அருளாமையும் அவர்களுடைய விருப்பம்.

எத்தனை பிரதிகள் என்பது அடுத்த வினா. முந்நூறு என்று தீர்மானித்தோம். பிரதி கூடக்கூட ஒவ்வொன்றின் அடக்கவிலை குறையும் என்பது உண்மையே. ஆனால் விற்காத பிரதிகள் கட்டிலுக்குக் கீழேதான் வாழும். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் கட்டிலுக்குக் கீழே உள்ள இடமும் விலைமதிப்புள்ளது. முந்நூறில் நூலகங்களுக்கும் சுவடிக்கூடத்திற்கும் சேரவேண்டியவை, அணிந்துரையாளருக்கும் விமர்சகர்களுக்கும் கொடுப்பவை, உறவினர் உரிமையோடு எடுத்துக்கொள்பவை ஆகியவற்றைக் கழித்தால், விற்பனைக்கு இருநூற்றைம்பதும் தேறாது. கடைக்குக் கொடுத்தால், நாம் விசாரித்தவரையில் விலையில் மூன்றிலொரு பங்கு கழிவாகப் போய்விடும். எஞ்சிய பணமும் விற்றபின்னரே வரும். ஆதலால் பல எழுத்தாளர்களுக்கு அச்சுக்கூலியின் பெரும்பகுதி வெளியீட்டு விழாவன்றே திரும்பி வந்தாகவேண்டும்.

அந்த விழாவின் முறையைக் கொழும்பு வாசகர் நன்கறிவர். வெள்ளவத்தையில், 1942ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் மண்டபத்தில் ஆண்டுதோறும் எத்தனையோ வெளியீடுகள் நடைபெறுகின்றன. மங்கல விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முதற்பிரதி பெறல், சிறப்புப் பிரதிகள் பெறல், உரைகள், ஏற்புரை என்று நிகழ்ச்சிநிரல் ஓடும். வருகை தந்தோர் வரிசையில் வந்து, கடித உறையொன்றைக் கொடுத்து நூலைப் பெற்றுச் செல்வர். உறையினுள் விலையிலும் கூடுதலாகவே இருக்கும். இதைச் சிலர் மொய்யெழுதுதல் என்று கேலி செய்வதுண்டு. பதிப்பகம் இல்லாத இடத்தில் ஊரார் சேர்ந்து பதிப்பகமாகும் ஏற்பாடு இது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. உறை கொடுத்தவர் எல்லோரும் நூலைப் படிப்பார்கள் என்பதற்கு உறுதியில்லை. மண்டபம் நிறைந்ததைக் கண்டு நூல் வெற்றி பெற்றதென்று எழுத்தாளன் மயங்கிவிடக்கூடும்.

உரைகளின் பெயரிலும் கவனிக்கத்தக்க வேறுபாடு உண்டு. ‘நயவுரை’ என்றால் பேசுபவர் நல்லவற்றை மட்டுமே சொல்லவேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். ‘விமர்சனவுரை’ என்றால் குறையும் சொல்லலாம். எமது விழாவில் ஒரேயொரு விமர்சனவுரை போதும் என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொண்டோம். பேசவிருப்பவரிடம் நூலை மூன்று வாரம் முன்னதாகவே கொடுத்துவிட்டோம். மண்டபத்திற்கு வரும் வழியில் முச்சக்கர வண்டிக்குள் நூலைப் புரட்டிவிட்டுப் பேசும் நிலைமை அவருக்கு நேரக்கூடாதல்லவா?

பணவிடயத்திலும் பார்க்க எம்மை அலைக்கழிப்பது ஓர் ஆவலே. பத்திரிகையில் எமது கதையைப் படித்தவர், அதைத் தேடிப் படித்தவரல்லர். இதழோடு சேர்ந்து வந்ததால் படித்தவர். நூலை எடுப்பவரோ எமது கதையை மட்டும் எதிர்பார்த்து எடுக்கிறார். அவர் முதற் கதையோடு நிறுத்துவாரா? எந்தக் கதையில் நூலை மூடி வைப்பார்? தொலைபேசித் தாயை மறுபடியும் வேறு வேடத்திற் கண்டுபிடித்துவிடுவாரா? இவற்றுக்கான விடை எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையே எம்மை இந்த வயதில் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏற்றியது.

நூலின் முன்பிரதியொன்றை எம் ஆசிரியருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதன் கடைசிப் பக்கங்களில், அவருடைய சம்மதத்தோடு, ஒரு பிற்சேர்க்கையை இணைக்க விரும்பினோம். சுவடிக்கூடத்திற் கிடைத்த அவருடைய இரு கதைகள். அவர் மறுத்துவிட்டார். “உம்மட புத்தகத்துக்குள்ள நான் ஏன் ஒளிச்சிருக்கவேணும்?” என்றார். பின், அவற்றுள் ஒன்றன் முடிவைத் தாமே புதிதாகச் சொல்ல, நாம் எழுதிக்கொண்டோம். இன்னும் சில கதைகள் கிடைத்தால் அவருக்கும் ஒரு சிறு தொகுதி, ஐந்து பாரமளவில், ஆக்கலாம்.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். 1970ஆம் ஆண்டுக்கும் 1983ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட ஞாயிறு வாரமலர்கள் எவரிடமாவது இருந்தால், பழைய கடதாசிக்காரனிடம் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அவற்றுள் யாரோ ஒருவருடைய முதற்றொகுதி கிடக்கலாம்.